முறைவழிப் போர் விளையாட்டுகளில் யார் முதலில் அடிப்பது? வேகம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

என் வீரனுக்கு வேகம் அதிகம். ஆனாலும் எதிரி முந்திவிட்டான். ஏன்?

ஆளுக்கு ஆள் முறை எடுத்து ஆடும் இந்த விளையாட்டுகளில் வேகம் எப்போதும் முதலில் பார்க்கப்படுவதில்லை. அதற்கு முன்னால் வேறொரு வரிசை இருக்கிறது.

போக்கிமான் விளையாட்டின் முதன்மைத் தொடரை எடுத்துக்கொள்வோம். இரு தரப்பும் தங்கள் கட்டளையை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு கணக்கு தொடங்குகிறது. களத்தில் இருப்பதை மாற்றி வேறொன்றை அனுப்பும் கட்டளை, தாக்குதல்களுக்கு முன்னால் நடந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒட்டியிருக்கும் முன்னுரிமை எண் பார்க்கப்படுகிறது. பெரும்பாலானவற்றுக்கு அது 0. குயிக் அட்டாக்குக்கு +1, தற்காத்துக்கொள்ளும் புரொடெக்டுக்கு இப்போதைய பாகங்களில் +4, வேக வரிசையைத் தலைகீழாக்கும் டிரிக் ரூமுக்கு -7. இந்த எண் சமமாக இருக்கும் தாக்குதல்களுக்குள் மட்டும்தான் வேகம் ஒப்பிடப்படும். ஆகவே உங்கள் வேகம் 300 ஆக இருந்து, எதிரியின் வேகம் 40 ஆக இருந்தாலும், அவன் குயிக் அட்டாக் கொடுத்தால் அவன் அடிதான் முதலில் விழும்.

உங்கள் தோல்விக்கு இது காரணமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. எதிரி எந்தத் தாக்குதலால் முந்தினான் என்று பாருங்கள். முன்னுரிமை எண் 0 உள்ள தாக்குதலால் முந்தியிருந்தால் அவன் வேகம் உண்மையிலேயே உங்களைவிட அதிகம், அல்லது உங்கள் வேகம் எங்கோ குறைந்திருக்கிறது. அந்த எண் கூடுதலாக உள்ள தாக்குதலால் மட்டும் முந்துகிறான் என்றால் அது முன்னுரிமை எண்ணின் வேலை.

எல்லா முறைவழி விளையாட்டுகளிலும் வேகம் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறதா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் வேகத்தை ஏற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

முதல் வகையில் ஒரு சுற்றில் எல்லோருக்கும் ஒரே ஒரு முறைதான். வேகம் அவர்களை வரிசையில் நிறுத்துகிறது, அவ்வளவே. போக்கிமான் இந்த வகை. இரண்டாவது வகையில் சுற்று என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மானி இருக்கிறது, வேகத்துக்கு ஏற்ப அது நிரம்புகிறது, நிரம்பியவர் நகர்கிறார். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவதாக, ஒரு தரப்பு முழுவதும் நகர்ந்து முடித்த பிறகு மறு தரப்பு முழுவதும் நகரும் வகையும் உண்டு. ஃபயர் எம்பளம் அப்படித்தான். அங்கே வேகம் யார் முதலில் என்பதைத் தீர்மானிப்பதே இல்லை. எதிரியைவிட வேகம் போதிய அளவு, அதாவது பெரும்பாலான பாகங்களில் 4 அல்லது 5, அதிகமாக இருந்தால் ஒரே மோதலில் இரண்டு முறை அடிக்கலாம் என்பதே அதன் பயன்.

கீழே முதல் இரண்டு வகைகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். குழப்பம் வருவது அங்கேதான்.

வரிசை வகையில் எவ்வளவு வேகம் போதும்?

யாரை முந்த வேண்டுமோ அவரைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும், அடுத்த ஆளை முந்தும் வரை, வீண்.

இதை எண்களோடு பார்ப்போம். போக்கிமானில் வேகம் இப்படிக் கணக்கிடப்படுகிறது (முடிவில் இயல்பு கூட்டும் அல்லது குறைக்கும், பின்னங்கள் வெட்டப்படும்):

```
(2 × Base + IV + EV/4) × Level / 100 + 5
```

Base என்பது அடிப்படை வேகம், IV பிறவி மதிப்பு, EV பயிற்சி, Level நிலை. கார்ச்சாம்ப் என்ற போக்கிமானின் அடிப்படை வேகம் 102. நிலை 50இல், பிறவி மதிப்பு 31, பயிற்சி 252 என்று முழுமையாக வளர்த்தால் 154 வரும். வேகத்தைக் கூட்டும் இயல்பு இருந்தால் அது 10 சதவீதம் ஏறி 169 ஆகிறது. எதிரில் அடிப்படை வேகம் 100 உள்ள ஒன்றை இதே அளவுக்கு வளர்த்திருந்தால் அதன் எண் 167. வித்தியாசம் 2தான். ஆனால் கார்ச்சாம்ப் ஒவ்வொரு முறையும் தவறாமல் முந்தும். 2 புள்ளி வித்தியாசமும் 60 புள்ளி வித்தியாசமும் இங்கே ஒரே பலனைத்தான் தருகின்றன.

அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் "வேகத்தை ஏற்று" என்று சொல்வதில்லை, "இன்னாரை முந்தும் அளவுக்கு ஏற்று" என்று சொல்கிறார்கள். முந்தவே முடியாத எதிரியைத் துரத்தி வேகத்தில் பயிற்சியைக் கொட்டுவதைவிட, அதை உடல்வலுவில் போட்டு ஓர் அடி கூடுதலாகத் தாங்குவது மேல்.

வேகம் குறைந்தால் என்ன ஆகிறது? ஒரு முழு உதாரணம் சொல்ல முடியுமா?

அதே கார்ச்சாம்பை வைத்துக்கொள்வோம், வேகம் 169. எதிரே அடிப்படை வேகம் 60 உள்ள ஒன்று. இயல்பின் உதவி இல்லாமல், ஆனால் முழுப் பயிற்சியோடு. அதன் எண் 112. பயப்படவே தேவையில்லை என்று தோன்றும்.

எதிரி ஐசி விண்ட் கொடுக்கிறான். அது வேகத்தை ஒரு படி இறக்கும். ஒரு படி என்றால் மூன்றில் இரண்டு பங்காகும். 169இன் மூன்றில் இரண்டு 112.67, பின்னம் வெட்டப்பட்டு 112. இப்போது இருவரும் சரிசமம். சமமானால் விளையாட்டு நாணயம் சுண்டுகிறது: பாதி வாய்ப்பு உங்களுக்கு, பாதி அவனுக்கு. 57 புள்ளி முன்னிலை ஒரே அடியில் நாணயச் சுண்டலாகிவிட்டது.

அவன் அதற்குப் பதிலாக டெயில்விண்ட் வீசியிருந்தால் அவன் தரப்பின் வேகம் இரட்டித்து 224 ஆகியிருக்கும். நீங்கள் சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்திருந்தால் 169 ஒன்றரை மடங்காகி 253 ஆகும். அப்போதும் நீங்களே முதல். ஆனால் அவன் டிரிக் ரூம் போட்டால் ஐந்து முறைகளுக்கு வரிசையே தலைகீழாகிறது. உங்கள் 253தான் களத்திலேயே கடைசி எண்ணாகிவிடும். பயிற்சியே தராத, அடிப்படை வேகம் 30 உள்ள மந்தமான ஒன்றின் எண் 50. அது உங்களுக்கு முன்னால் அடிக்கும்.

டிரிக் ரூம் புரட்டுவது வேகத்தை மட்டும்தான், முன்னுரிமை எண்ணை அல்ல. குயிக் அட்டாக் அப்போதும் முந்தும். இதை மறந்து, தலைகீழ் வரிசையில் தான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துத் தோற்றவர்கள் ஏராளம்.

முன்பு போக்கிமான் விளையாடியபோது பக்கவாதம் வந்தால் ஒன்றுமே செய்ய முடியாது. இப்போது அப்படித் தெரியவில்லையே?

உங்கள் நினைவு சரி. 2016க்கு முந்தைய பாகங்களில் பக்கவாதம் வேகத்தைக் கால் பங்காக்கியது. அந்த ஆண்டு வந்த சன், மூன் பாகங்களிலிருந்து பாதியாகத்தான் குறைக்கிறது. கார்ச்சாம்பின் 169 முன்பு 42 ஆகியிருக்கும், இப்போது 84.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. 2019இல் வந்த ஸ்வோர்டு, ஷீல்டு பாகங்களுக்கு முன்பு, முறையின் தொடக்கத்தில் போட்ட வரிசை அந்த முறை முடியும் வரை மாறாது. இப்போது நடுவில் வேகம் மாறினால், இன்னும் நகராதவர்களின் வரிசை உடனே திருத்தப்படுகிறது. இருவர் இருவராக மோதும் ஆட்டத்தில் ஒருவர் டெயில்விண்ட் வீசினால் அவருடைய கூட்டாளி அதே முறையிலேயே பயன் பெறுகிறார். பழைய ஆலோசனைகளைப் படிக்கும்போது அவை எந்த ஆண்டின் விதிகளைச் சொல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மானி நிரம்பும் வகையில் கணக்கு எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸில் ஒவ்வொருவருக்கும் CT என்ற மானி உண்டு. விளையாட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஒவ்வொரு முறை டிக் என்னும்போதும் ஒவ்வொருவரின் CTயிலும் அவரவர் வேகம் கூட்டப்படுகிறது. 100ஐத் தொட்டவருக்கு முறை வருகிறது. நகர்ந்து, தாக்கவும் செய்துவிட்டால் 100 கழிக்கப்படும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80 கழியும். எதுவும் செய்யாமல் காத்திருந்தால் 60தான் கழியும்.

மூவரை எடுத்துக்கொள்வோம். வில்லாளியின் வேகம் 10, வாள்வீரனின் வேகம் 8, எதிரியின் வேகம் 7. எல்லோரும் 0இல் தொடங்குகிறார்கள். வில்லாளி 10ஆவது டிக்கில் 100ஐத் தொடுகிறாள். வாள்வீரன் 12ஆவது டிக்கில் 96இல் நிற்கிறான், 13இல் 104. எதிரி 14இல் 98 வரை வந்து, 15இல் 105 ஆகிறான்.

அந்த 4ஐயும் 5ஐயும் விட்டுவிடாதீர்கள். கழித்த பிறகு மிச்சம் அப்படியே கையில் நிற்கிறது. எல்லோரும் முழு முறையைப் பயன்படுத்தினால், வாள்வீரன் 4இலிருந்து தொடங்கி இன்னும் 12 டிக்கில், அதாவது 25இல் மீண்டும் வருகிறான். எதிரி 5இலிருந்து தொடங்கி 29இல் வருகிறான். வில்லாளி 20இலும் 30இலும் வருகிறாள்.

மிச்சம் சேர்ந்துகொண்டே போவதால் ஓர் அழகான விளைவு உண்டு: எல்லோரும் முழு முறைகளையே பயன்படுத்தினால், 100 டிக்கில் ஒருவருக்கு அவர் வேக எண் எத்தனையோ சரியாக அத்தனை முறைகள் கிடைக்கும். வில்லாளிக்கு 10, வாள்வீரனுக்கு 8, எதிரிக்கு 7. வரிசை வகையில் 2 புள்ளி கூடுதல் என்றால் முதலிடம் மட்டும்தான். இங்கே அதே 2 புள்ளி, எட்டு அடிக்குப் பத்து அடி. இந்த வகையில் எந்தப் புள்ளியும் வீணாவதில்லை.

ஆனால் மதிப்பு ஒரே மாதிரியும் இருப்பதில்லை. 5லிருந்து 6க்கு ஏறினால் ஐந்து முறைக்கு ஆறு, 20 சதவீதம் லாபம். 10லிருந்து 11க்கு ஏறினால் 10 சதவீதம்தான். ஒரே ஒரு வேக அணிகலன் கையில் இருந்தால் மந்தமானவனுக்கே அதைக் கொடுப்பேன்.

முறை வந்தும் காத்திருப்பதால் என்ன லாபம்?

மேலே சொன்ன வில்லாளியையே பாருங்கள். 10ஆவது டிக்கில் அவளுக்கு முறை. எதிரி இன்னும் எட்டும் தூரத்தில் இல்லை. முன்னே நகர்ந்தால் அவன் வாளுக்கு அருகில் போய் நிற்பாள். காத்திருந்தால் 60 மட்டும் கழிந்து CT 40 மிஞ்சும். இன்னும் 6 டிக், 16இல் மீண்டும் அவள் முறை. எதிரியின் முறை 15. அதாவது அவன் முன்னேறி வந்து நின்ற அடுத்த டிக்கிலேயே இவள் அம்பு விடுகிறாள். நகர்ந்து மட்டும் வைத்திருந்தால் CT 20 மிஞ்சி 18இல்தான் முறை வந்திருக்கும். வீணாக முழு முறையையும் செலவழித்திருந்தால் 20.

புதிதாக விளையாடுபவர்கள் முறை வந்தால் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். எட்டாத தூரத்தில் சும்மா ஒரு மருந்தைக் குடிப்பது, ஒரு கட்டம் நகர்ந்து திரும்பிப் பார்ப்பது என்று CTயைக் கரைக்கிறார்கள். இந்த வகை விளையாட்டில் காத்திருப்பதும் ஒரு தாக்குதல்தான்.

மந்திரம் சரியாக எதிரி மேல் வைத்தேன். அது என் ஆள் மேலேயே விழுந்துவிட்டது. என்ன தவறு?

எனக்கும் இது நடந்திருக்கிறது. பெரிய வட்டத்துக்கு விழும் ஒரு மந்திரத்தை எதிரி நிற்கும் கட்டத்தின் மேல் வைத்தேன். அது பலிப்பதற்குள் எதிரி விலகிப் போனான். அவனைத் துரத்திக்கொண்டு என் வாள்வீரன் அதே இடத்துக்கு வந்து நின்றான். அவனை அங்கே அனுப்பியதும் நான்தான். அந்தச் சண்டையை மூன்று முறை திரும்ப ஆடினேன். அதன் பிறகுதான் முறைப் பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தது.

காரணம், மந்திரத்துக்கும் தனி வேகம் இருக்கிறது. அதற்கும் ஒரு மானி 100 வரை நிரம்ப வேண்டும். மந்திரத்தின் வேகம் 20 என்றால் 5 டிக் ஆகும். நம் மூவர் உதாரணத்தில், 10ஆவது டிக்கில் தொடங்கிய அப்படிப்பட்ட மந்திரம் 15இல் பலிக்கும். நடுவில் 13இல் வாள்வீரனின் முறை வருகிறது; அவன் அந்த வட்டத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். எதிரியின் முறையும் 15. ஒரே டிக்கில் இரண்டும் வந்தால், இந்த விளையாட்டில் தயாராகிக்கொண்டிருக்கும் மந்திரங்கள் முதலில் பலித்து, அதன் பிறகே ஆட்களின் முறை வருகிறது. ஆக அவன் நகர்வதற்கு ஒரு நொடி முன்னால் மந்திரம் விழுகிறது. வேகம் 16 உள்ள மந்திரமாக இருந்தால் 7 டிக் ஆகும். 17இல் பலிக்கும்போது அவன் அங்கே இருக்கமாட்டான்.

கட்டத்தைக் குறிவைக்காமல் ஆளைக் குறிவைத்தால் மந்திரம் அவனைத் தொடர்ந்து போகும். ஆனால் அவன் நேராக உங்கள் ஆட்களின் நடுவில் வந்து நின்றால் மந்திரமும் அங்கேதான் வரும்.

வேகத்தைக் கூட்டும் மந்திரத்தை எப்போது போடுவது நல்லது?

முடிந்த அளவு சீக்கிரம். முறை வரப்போகும் ஆளுக்குப் போட்டு உடனடிப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

10ஆவது டிக்கில் வாள்வீரனின் CT 80. அப்போது ஹேஸ்ட் அவன் மேல் பலித்தது என்று வைத்துக்கொள்வோம். அது CT ஏறும் அளவை ஒன்றரை மடங்காக்கும். அவனுக்கு 8க்குப் பதில் 12. இரண்டு டிக்கில் 104. அதாவது 13க்குப் பதில் 12இல் முறை. லாபம் ஒரே ஒரு டிக். பார்த்தவர்கள் இது எதற்கு என்பார்கள். ஆனால் அடுத்த முறை 25க்குப் பதில் 20இல் வருகிறது. அதற்கடுத்தது 38க்குப் பதில் 29. லாபம் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று வளர்கிறது.

எதிரியை மந்தப்படுத்தும் மந்திரத்துக்கும் இதே நியாயம்தான். ஏற்கெனவே மானி ஏறக்குறைய நிரம்பியிருப்பவனை மந்தப்படுத்தினால் அடுத்த அடி சற்றே தள்ளிப்போகுமே தவிர நிற்காது. இப்போதுதான் முறையை முடித்தவனே அதற்கு ஏற்ற ஆள்.

ஒரு புள்ளி வேகத்துக்காக அணிகலனையே மாற்றச் சொல்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

விளையாட்டு மானியோடு சேர்த்து சுற்று எண்ணிக்கையையும் வைத்திருந்தால், ஆம். 2023இல் வந்த ஹொங்காய்: ஸ்டார் ரெயிலில் ஒருவரின் முறைக்கு ஆகும் தூரம் 10000ஐ வேகத்தால் வகுத்தால் வருவது. சில சவால்களில் முதல் சுழற்சியின் நீளம் 150. வேகம் 133 என்றால் ஒரு முறைக்கு 75.19, இரண்டாவது முறை 150.38இல் வரும், சுழற்சி முடிந்திருக்கும். வேகம் 134 என்றால் 74.63, இரண்டாவது முறை 149.25இல் வந்து உள்ளே அடங்கிவிடும். ஒரு புள்ளி ஒரு முழு முறையைக் கொண்டுவருகிறது. ஆனால் 134லிருந்து 140க்கு ஏற்றினால் அந்தச் சுழற்சியில் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

என் ஆட்கள் எல்லோரையும் முடிந்த அளவு வேகமாக்கினால் போதாதா?

போதாது, கெடுதலாகவும் முடியும். தாக்குதல் வலுவைக் கூட்டித் தருபவர் ஒருவர், அடிப்பவர் இன்னொருவர் என்றால், கூட்டித் தருபவர்தான் முன்னால் நகர வேண்டும். அடிப்பவரின் வேகத்தை ஏற்றி அவரை முன்னால் தள்ளிவிட்டால் முதல் அடி வலுக் கூடாமலே போய்விடும். மானி வகையில் தொல்லை இன்னும் நுட்பமானது: தொடக்கத்தில் சரியான வரிசையில் இருக்கும் இருவர், வேகம் வேறுபடுவதால் கொஞ்ச நேரத்தில் விலகிப் போய்விடுவார்கள். கூட்டாளிகளின் வேகத்தை நெருக்கமாக, கூட்டித் தருபவருக்கு மட்டும் ஒன்றிரண்டு புள்ளி அதிகமாக வைப்பதே என் வழக்கம்.

விளையாட்டு தன் விதியை எங்கும் சொல்வதில்லை. எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய சண்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாக உள்ள உங்கள் ஆள் ஒருவரையும் மந்தமான ஒருவரையும் அனுப்பி, இருவரும் ஒவ்வொரு முறையும் ஒரே செயலையே செய்யும்படி விட்டு எண்ணுங்கள். மந்தமானவர் ஐந்து முறை நகர்ந்தபோது வேகமானவரும் ஐந்து முறைதான் நகர்ந்திருந்தால் அது வரிசை வகை. பத்தை நெருங்கியிருந்தால் மானி வகை.

வரிசை வகை என்று தெரிந்தால், வேகத்தில் மிக நெருங்கிய இருவரை ஏழெட்டு சுற்றுகள் பாருங்கள். வேகமானவரே எப்போதும் முந்தினால் அது சுத்தமான ஒப்பீடு. அவ்வப்போது இடம் மாறினால் வேகத்தோடு ஒரு பகடையும் சேர்க்கப்படுகிறது. அங்கே ஒரு புள்ளி கூடுதலை நம்பித் திட்டம் போடக் கூடாது. மானி வகை என்றால், ஒருவரை மட்டும் காத்திருக்க வைத்து அவர் முறை சீக்கிரம் திரும்புகிறதா என்று சோதியுங்கள். திரும்பினால், மேலே வில்லாளிக்குச் சொன்ன கணக்கு உங்கள் விளையாட்டிலும் எண்கள் மாறி ஓடிக்கொண்டிருக்கிறது.